ஆறு கூடை மாம்பழம்: ஐந்தைந்தாக எண்ணக் கற்றுத் தரும் கதையை எழுதுவதும் சொல்வதும்

பினாங்கில் ஒரு பாலர் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். ஒரு நாள் ஐந்து வயதுப் பையன் ஒருவன் என் மேசைக்கு வந்து, "டீச்சர், எனக்கு ஐந்தைந்தாக எண்ணத் தெரியும்" என்றான். மேசையில் ஐந்து கஸ்தூரி எலுமிச்சை இருந்தது. எண்ணிக் காட்டு என்றேன். ஒவ்வொரு பழத்தையும் விரலால் தொட்டு, "ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து" என்று சொல்லி முடித்தான். எத்தனை பழம் என்று கேட்டதற்கு, சந்தேகமே இல்லாமல் "இருபத்தைந்து" என்றான்.

பாட்டு அவனுக்குச் சரியாக வந்தது. அந்தப் பாட்டில் வரும் ஒவ்வொரு சொல்லும் ஐந்து பழத்துக்குச் சேர்த்துச் சொல்வது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. மாம்பழத்தைக் கூடையில் அடுக்கும் கதையை நான் எழுதியது அதற்காகத்தான். ஒரு கூடை நிறைந்தால் ஒரு எண், கூடை நிறையாவிட்டால் எண் கிடையாது. கதை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைத்தான் செய்கிறது. நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கதை எழுதலாம். அல்லது கீழே உள்ளதையே எடுத்துச் சொல்லலாம்.

எழுதும் முன் முடிவு செய்ய வேண்டியவை

முதலில் எண். ஒரு கதைக்கு ஒரே எண் போதும். இரண்டிரண்டாகவும் ஐந்தைந்தாகவும் பத்துப் பத்தாகவும் ஒரே கதையில் திணித்தால் பிள்ளைக்கு எதுவும் நிற்காது. பலர் இரண்டில்தான் தொடங்குவார்கள். நான் ஐந்தில் தொடங்குகிறேன். தமிழில் இரண்டிரண்டாக எண்ணும்போது பத்தைத் தாண்டியதும் பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு, பதினெட்டு என்று வருகிறது. சின்ன வாய்க்கு அது கொஞ்சம் கரடுமுரடு. ஐந்தில் பதினைந்து, இருபது, இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து என்று ஒன்று விட்டு ஒன்று "ஐந்து" காதில் விழுந்துகொண்டே இருக்கும். அதோடு ஐந்து என்பது பிள்ளையின் கையிலேயே இருக்கிறது.

அடுத்தது மொத்தம். இருபது பழம் என்றால் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எண்ணியே முடித்துவிடுவார்கள், கூடைக்கு வேலை இருக்காது. ஐம்பது என்றால் கதை இழுக்கும். முப்பது சரியாக இருக்கிறது. ஐந்து ஐந்தாக ஆறு கூடை. பின்னால் பத்துப் பத்தாகப் போவதற்கும் முப்பது இடம் கொடுக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம்: என் கதையில் மாம்பழம் எண்ணுபவர் ஒரு தாத்தா, அவர் ஏன் ஐந்தைந்தாக எண்ண வேண்டும்? "தாத்தா ஐந்தைந்தாக எண்ணினார்" என்று சும்மா எழுதினால், எதற்கு என்று பிள்ளைக்குப் புரியாது. ஒவ்வொன்றாக எண்ணும்போது ஏதோ தடுக்க வேண்டும், எண்ணிக்கை தவற வேண்டும், முதலிலிருந்து தொடங்க வேண்டிவர வேண்டும். கூடை வந்த பிறகும் அதே தடங்கல் வர வேண்டும். ஆனால் இம்முறை ஒரு கூடை மட்டும்தான் பாதிக்கப்பட வேண்டும். அந்த இடத்தில்தான் கூடையின் பயன் பிள்ளைக்குப் புரிகிறது. என் கதையில் இந்த வேலையைச் சேவல் செய்கிறது.

கதை நடப்பது பினாங்கிலுள்ள பாலிக் பூலாவில். பாலிக் பூலாவ் என்றால் டுரியானும் ஜாதிக்காயும்தானே, மாம்பழம் எதற்கு என்று ஒரு தகப்பனார் கேட்டார். டுரியானைப் பிள்ளை கையில் எடுக்க முடியாது. ஜாதிக்காய் பிள்ளைக்குத் தின்னும் பழமாகத் தெரியாது. மாம்பழம் கைக்கு ஒன்றாக அடங்கும். ஒரு கூடைக்கு ஐந்துதான் என்பதற்கும் உண்மையான காரணம் இருக்கிறது. பழுத்த மாம்பழத்தைக் குவித்து அடுக்கினால் அடிப்பழம் நசுங்கும். சின்னக் கூடையில் ஒரே அடுக்காக வைப்பதுதான் நல்லது.

கதை

பாலிக் பூலாவில் ஒரு மலையடிவாரம். அங்கே முத்துத் தாத்தாவுக்கு ஒரு பெரிய மாமரம்.

காலையிலேயே தாத்தா வலை கட்டிய நீளக் கம்பால் பழம் பறித்தார். பேத்தி கயல் ஒவ்வொரு பழமாக வாங்கிச் சாக்கின் மேல் வைத்தாள். சாக்கு முழுவதும் மஞ்சள் மஞ்சளாக மாம்பழம்!

"எத்தனை பழம் தாத்தா?"

"இரு, எண்ணிப் பார்ப்போம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு..." தாத்தா பன்னிரண்டு வரைக்கும் எண்ணிவிட்டார்.

"கொக்கரக்கோ!" சேவல் சாக்கின் மேல் ஓடியது. பழமெல்லாம் உருண்டது.

"அடடா! எது வரைக்கும் எண்ணினேன்?"

தாத்தா முதலிலிருந்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று... பத்தொன்பது வரைக்கும் வந்துவிட்டார்.

"பாம்! பாம்!" சந்தைக்குப் போகும் லோரி வந்து நின்றது. "தாத்தா, இன்றைக்கு எத்தனை பழம்?" என்று லோரி மாமா கேட்டார்.

"அடடா! மறந்து போச்சே!"

கயல் தன் கையைப் பார்த்தாள். ஒரு கையில் ஐந்து விரல். சின்னக் கூடை ஒன்றை எடுத்தாள். ஒரு விரலுக்கு ஒரு பழமாகக் கூடையில் வைத்தாள். ஐந்து விரலும் முடிந்தது. கூடையும் நிறைந்தது. மேலே வாழையிலை போட்டு மூடினாள்.

"ஐந்து விரலுக்கு ஐந்து பழம், அடுத்த கூடை எடு தாத்தா! ஐந்து!"

தாத்தா இன்னொரு கூடை எடுத்தார். ஐந்து பழம் வைத்தார். இலை போட்டு மூடினார்.

"ஐந்து விரலுக்கு ஐந்து பழம், அடுத்த கூடை எடு தாத்தா! பத்து!"

மூன்றாவது கூடை. ஐந்து பழம். இலை.

"ஐந்து விரலுக்கு ஐந்து பழம், அடுத்த கூடை எடு தாத்தா! பதினைந்து!"

நான்காவது கூடையில் இரண்டு பழம்தான் வைத்திருந்தார்கள். "கொக்கரக்கோ!" சேவல் மறுபடி ஓடி வந்தது. கூடை சாய்ந்தது. இரண்டு பழமும் உருண்டது.

தாத்தா தலையில் கை வைத்தார். "போச்சு! எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ண வேண்டுமா?"

"வேண்டாம் தாத்தா. மூடின கூடை மூன்றும் அப்படியே இருக்கிறதே. பதினைந்து பழம் பத்திரம். இந்தக் கூடையை மட்டும் திரும்ப அடுக்கினால் போதும்."

அடுக்கினார்கள். இலை போட்டார்கள். "இருபது!"

ஐந்தாவது கூடை. "இருபத்தைந்து!"

ஆறாவது கூடை. சாக்கு காலி. "முப்பது!"

"லோரி மாமா, இன்றைக்கு முப்பது பழம்!" என்று கயல் கத்தினாள்.

லோரி மாமா ஒரு கைக்கு ஒரு கூடையாக எடுத்துக்கொண்டு மூன்று தடவை நடந்தார். லோரி புறப்பட்டது. சேவல் கூரை மேல் ஏறி நின்று பார்த்தது.

படம் வரைகிறீர்கள் என்றால்

நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். முதல் தடவை படம் வரைந்தபோது, ஒவ்வொரு கூடையின் மேலும் 5, 10, 15 என்று பெரிதாக எழுதி வைத்தேன். ஒரு சிறுமி மூன்றாவது கூடையைக் காட்டி, "இதில்தான் நிறையப் பழம் இருக்கு, பதினைந்து" என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை, நான் வரைந்தது அப்படித்தான் இருந்தது. இப்போது கூடையின் மேல் எதுவும் எழுதுவதில்லை. கூடைகளுக்கு அடியில் நீளமாக ஒரு கயிறு வரைகிறேன். ஒவ்வொரு கூடையும் முடியும் இடத்தில், அதன் வலது ஓரத்தில், கயிற்றில் ஒரு முடிச்சு. எண் அந்த முடிச்சுக்குக் கீழே. "இது வரைக்கும் பதினைந்து" என்று விரலை இடமிருந்து கயிறு வழியாக நகர்த்திச் சொல்லலாம்.

பழத்தைத் திறந்த கூடையில் காட்டும் படத்தில், ஆறு முகப் பகடையின் ஐந்தைப் போல நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று என்று வரையுங்கள். எல்லாக் கூடையிலும் அதே அமைப்பு. எண்ணாமலே ஐந்து என்று கண் சொல்லிவிடும். அப்புறம், பக்கத்துக்கு ஒரு கூடை கூடிக்கொண்டே போக வேண்டும், பழைய கூடைகள் படத்திலிருந்து மறையக் கூடாது. நான்காம் பக்கத்தில் நான்கு கூடையும் தெரிந்தால்தான் "இருபது" எங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

கதையைச் சொல்லும் முறை

சொல்லும் முன் பிள்ளையால் இரண்டு காரியம் முடிகிறதா என்று பாருங்கள். முப்பது வரைக்கும் ஒவ்வொன்றாக எண்ணத் தெரிய வேண்டும். ஒரு குவியலிலிருந்து "ஐந்து எடுத்துத் தா" என்றால் ஐந்தை எடுத்துத் தர வேண்டும். இரண்டாவது இன்னும் வரவில்லை என்றால் இந்தக் கதையைச் சில வாரம் தள்ளி வையுங்கள்.

மாம்பழத்துக்குப் பதில் முப்பது கஸ்தூரி எலுமிச்சை வாங்கலாம். பல்லாங்குழி ஆடும் வீடு என்றால் புளியங்கொட்டையும் போதும். கூடைக்கு ஆறு காகிதக் கோப்பை. வாழையிலைக்கு ஆறு துண்டுத் துணி. துணியை மட்டும் மறக்க வேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் தடவை கதையை நிறுத்தாமல் சொல்லி முடியுங்கள். கேள்வி எதுவும் வேண்டாம். பிள்ளைகள் சேவலுக்குச் சிரிக்கட்டும். இரண்டாவது தடவை பழத்தையும் கோப்பையையும் எடுத்து வையுங்கள். "ஐந்து விரலுக்கு ஐந்து பழம்" என்னும் வரியைப் பிள்ளைகளே சொல்வார்கள். பேசும்போது அஞ்சு, பதினஞ்சு, இருவத்தஞ்சு என்று வீட்டுத் தமிழிலேயே வரட்டும். எழுத்தில் வரும்போது ஐந்து என்று காட்டினால் போதும். மலாயிலும் எண்ணத் தெரிந்த பிள்ளைகள் நடுவில் "லீமா, செபூலோ" என்று தாவுவார்கள். அதைத் தனி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சொல்லலில் இரண்டு மொழி எண்கள் கலந்தால், அந்தப் பிள்ளைக்குக் கூடையின் மேல் இருந்த கவனம் சொல்லைத் தேடப் போய்விடுகிறது.

எண்ணை எப்போது சொல்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். பழம் வைக்கும்போது எண் வேண்டாம். விரலை மட்டும் ஒவ்வொன்றாக மடக்கலாம். துணியால் மூடி, கோப்பையை நகர்த்தி, வரிசையில் வைத்த பிறகுதான் "பத்து". கோப்பை மேசையில் உட்காரும் சத்தமும் எண்ணும் சேர்ந்து வரட்டும். மூன்றாவது தடவையில் நான் துணியைப் போட்டுவிட்டுப் பேசாமல் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பேன். அந்த அமைதியில் அடுத்த எண் யார் வாயிலிருந்தாவது வரும்.

சேவல் இரண்டாம் தடவை வரும் இடத்தில் மட்டும் நின்று கேளுங்கள்: "தாத்தா எல்லாவற்றையும் எண்ண வேண்டுமா?" கயலின் பதிலைச் சொல்லிவிடாதீர்கள். "ஆமாம், முதலிலிருந்து" என்று சிலர் சொல்வார்கள். சரி, எண்ணிப் பார் என்று விடுங்கள். மூன்று கோப்பையையும் திறந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பதினைந்துக்கு வந்து நிற்பார்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்த பிறகு, திறக்கவே வேண்டியதில்லை என்று அவர்களே சொல்வார்கள்.

எங்கே தவறும், எப்படித் தெரியும்

முதலில் சொன்ன பையனின் தவறுதான் அதிகம் வரும்: ஒரு பழத்துக்கு ஒரு தாவல். விரல் எங்கே தொடுகிறது என்பதைப் பாருங்கள். வாய் சொல்வதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. துணி இதற்குத்தான். மூடிவிட்டால் தொடுவதற்குப் பழம் இல்லை, கோப்பை மட்டும்தான் இருக்கிறது. "ஐந்து" என்று சொன்னதும் துணியைத் தூக்கி, உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிக் காட்டி மறுபடி மூடுங்கள். அந்தப் பையனுக்கு இப்படி நான்கு நாள் ஆனது. நான்காம் நாள் துணியைத் தூக்கும் முன்பே, "உள்ளே அஞ்சு இருக்கு, எனக்குத் தெரியும்" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

இன்னொன்று, பழத்தைக் கேட்டால் கூடையைச் சொல்வது. மூன்று கோப்பையைக் காட்டி எத்தனை பழம் என்று கேட்டால் "மூன்று" என்று பதில் வரும். கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் பலன் இல்லை. ஒரு கோப்பையைப் பிள்ளையின் உள்ளங்கையில் கவிழ்த்துவிடுங்கள். ஒரு கோப்பையிலிருந்தே ஐந்து பழம் விழுந்த பிறகு, மூன்று என்ற பதில் அங்கேயே நிற்க முடியாது.

பதினைந்துக்கு அடுத்து "பதினாறு" என்று போகும் பிள்ளைகளும் உண்டு. இதற்குக் கவலை வேண்டாம், பழகிய பாதையில் வாய் ஓடுகிறது, அவ்வளவுதான். கயிற்று முடிச்சின் மேல் விரலை வைத்து அடுத்த முடிச்சுக்கு ஒரே தாவாகத் தாவச் சொன்னால் சில நாளில் சரியாகும்.

மிச்சம் வரும் நாள்

ஒரு வாரம் கழித்து அதே கதையை முப்பத்துமூன்று பழத்தோடு சொல்லுங்கள். ஆறு கூடை நிறைந்து சாக்கில் மூன்று பழம் மிச்சம். பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் அந்த மூன்றையும் ஏழாவது கூடையில் போட்டு "முப்பத்தைந்து" என்பார்கள். கயலைப் பேச வையுங்கள்: "இந்தக் கூடைக்கு விரல் இரண்டு மிச்சம் இருக்கே தாத்தா!" நிறையாத கூடையை மூடக் கூடாது, அதற்குப் பெரிய தாவு கிடையாது. முப்பதிலிருந்து ஒவ்வொன்றாக நடக்க வேண்டும்: முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. கூடைக்குத் தாவு, தனிப்பழத்துக்கு நடை. பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, ஆறு தாவும் மூன்று அடியும் உடம்பால் செய்ய வைத்தால் இன்னும் நன்றாக நிற்கும்.

அதற்குப் பிறகு குரங்கை அழைத்து வரலாம். பினாங்குப் பிள்ளைகளுக்குக் குரங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. தாத்தா தண்ணீர் குடிக்கப் போகிறார். குரங்கு ஒரு கூடையின் இலையைத் தூக்கி ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு இலையை மறுபடி மூடிவிடுகிறது. இதைப் பிள்ளைகள் பார்க்கும்படியே செய்யுங்கள். இப்போது ஆறு கூடையையும் எண்ணச் சொன்னால் பாதிப் பேர் முப்பது என்று முடிப்பார்கள். யாராவது ஒருவர் நடுவில் நிறுத்தி, "அதில் நாலுதான் இருக்கு" என்பார். எல்லாக் கூடையிலும் ஒரே அளவு இருந்தால்தான் தாவி எண்ண முடியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்களுக்காக எல்லாத் துணியையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இருபத்தொன்பதில் நிற்கும்.

லோரி மாமாவின் கைகள்

கதையின் முடிவில் லோரி மாமா ஒரு கைக்கு ஒரு கூடையாக எடுத்தது பத்துக்காகத்தான். ஐந்து நன்றாகப் பழகிய பிறகு அந்த இடத்துக்குத் திரும்பி வாருங்கள். ஒரு நடைக்கு இரண்டு கூடை, இரண்டு கை, பத்து விரல். பத்து, இருபது, முப்பது. கயிற்றில் ஒரு முடிச்சை விட்டுவிட்டு அடுத்த முடிச்சுக்குத் தாவுகிறோம் என்று பிள்ளைகளே கவனிப்பார்கள்.

இன்னும் கூடைகள் சேர்த்து நூறு வரைக்கும் போகும்போது தமிழில் ஒரு பள்ளம் இருக்கிறது. "அறுபது, எழுபது, எண்பது, ஒன்பது" என்று பிள்ளைகள் போவார்கள். காதுக்கு ஒன்பதும் அந்த வரிசையில்தான் வருகிறது, அதனால் அவர்களைத் திருத்தும்போது கோபம் வேண்டாம். "தொண்ணூறு" என்ற சொல்லில் "நூறு" கேட்பதால் நூறு வந்துவிட்டது என்று நிறுத்துபவர்களும் உண்டு. நான் லோரி மாமாவின் ஒன்பதாவது நடையில் அவரை ஒரு கல்லில் தடுக்கி நிற்க வைப்பேன். எண்பதுக்குப் பிறகு மாமா "தொ... தொ... தொண்ணூறு!" என்று தடுமாறிச் சொல்வார். லோரியில் இன்னும் இரண்டு கூடைக்கு இடம் இருக்கும். அந்த இரண்டையும் ஏற்றிய பிறகுதான் நூறு.